தெர்மாமீட்டர் நார்மல்தான் காட்டுகிறது, எனக்கு மட்டும் ஏன் இப்படிக் குளிர்கிறது?

கோத்தகிரிக்காரி | டிசம்பர் 11, இரவு 9:40

கோத்தகிரியிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். குளிர் எனக்குப் புதிதல்ல. போன வருஷம் மார்கழியில்கூட ஒரே ஸ்வெட்டரோடு கடையில் உட்கார்ந்து தைத்தேன். இந்த வருஷம் ஐப்பசியிலேயே ஸ்வெட்டர், அதன்மேல் ஷால், காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். ஊசியில் நூல் கோர்க்க விரல் வளையவில்லை. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது "என்னக்கா கை இப்படிச் சில்லுன்னு இருக்கு" என்று பெண்கள் நெளிகிறார்கள்.

ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். 46, ஃப்ரீ டி4 0.5. தைராய்டு குறைவு என்று 75 மைக்ரோகிராம் மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. சரி, நோய் புரிகிறது. ஆனால் வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 97.6 காட்டுகிறது. டாக்டரும் "உடம்புச் சூடு நார்மல்தானே" என்றார். சூடு நார்மல் என்றால் எனக்கு மட்டும் ஏன் குளிர வேண்டும்? பக்கத்துக் கடைப் பையன், "அக்கா, உங்களுக்குப் பழுப்புக் கொழுப்பு செத்துப்போச்சு" என்கிறான். அப்படி ஒன்று உண்டா, இல்லை விளையாடுகிறானா?

கொடை ஃபிட் | டிசம்பர் 11, இரவு 10:15

உண்டு. பையன் விஷயம் தெரிந்தவன். சாதாரணக் கொழுப்பு சேமித்து வைக்கிறது, பழுப்புக் கொழுப்பு எரிக்கிறது. குழந்தைகளுக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தார்கள். 2009-ல் பெரியவர்களுக்கும் கழுத்தடியில் இருப்பதை பெட் ஸ்கேனில் காட்டிவிட்டார்கள். அதை ஆன் பண்ணுவது தைராய்டு ஹார்மோன். தைராய்டு இல்லை, ஹீட்டர் இல்லை, குளிர்கிறது. அவ்வளவுதான்.

டாக்டரிடம் டி3 மாத்திரை கேளுங்கள். இப்போது நீங்கள் சாப்பிடும் டி4 மெதுவாக வேலை செய்கிற சரக்கு. தினமும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், பழுப்புக் கொழுப்பு வளரும், எடையும் இறங்கும்.

கோத்தகிரிக்காரி | டிசம்பர் 11, இரவு 10:22

டிசம்பரில் பச்சைத் தண்ணீரா? நீங்கள் முதலில் குளித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் | டிசம்பர் 12, காலை 6:50

பச்சைத் தண்ணீர் வேண்டாம். டி3-ஐயும் நீங்களாகக் கேட்காதீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் எடுத்தவன் நான், இப்போது குன்னூர்ப் பக்கம் ஓய்வில் இருக்கிறேன்.

முதலில் தெர்மாமீட்டர். அது அளப்பது உடம்பின் உட்புறச் சூட்டை. உங்களுக்குக் குளிர்கிறதா என்று பெரும்பாலும் சொல்வதோ தோலில் இருக்கும் நரம்பு நுனிகள். தைராய்டு குறைந்தால் உடம்பு சூடு உண்டாக்கும் அளவு குறைகிறது. வரவு குறைந்ததும் உடம்பு செலவைக் குறைக்கிறது: தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை உள்ளே நிறுத்திக்கொள்கிறது. அதனால் ஈரல், இதயம், வாய் எல்லாம் பழைய சூட்டிலேயே இருக்க, தோலும் விரலும் குளிர்ந்துவிடுகின்றன. உங்கள் 97.6-உம் சில்லிட்ட விரலும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. விரல் சில்லிட்டதால்தான் 97.6 நிற்கிறது.

எவ்வளவு குறையும்? உங்கள் எடை 58 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சும்மா படுத்திருந்தாலே உங்கள் உடம்பு ஒரு நாளில் சுமார் 1250 கிலோ கலோரி எரிக்கும். அது ஏறக்குறைய 60 வாட். தைராய்டு நன்றாகக் குறைந்தவர்களுக்கு இதில் 20 சதவீதம் போனால் 12 வாட் நஷ்டம், நாளுக்கு 250 கிலோ கலோரி. கோயம்புத்தூரில் இருந்தால் இது தெரியாமலே போகலாம். கோத்தகிரியில் தையல் மெஷின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தால் தெரியாமல் இருக்காது.

இந்த 250-இல் பெரும்பகுதி பழுப்புக் கொழுப்பில் போனதல்ல. தசை, ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாம் சேர்ந்து மந்தமானதில் போனது. ஒவ்வொரு செல்லும் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது, தசை கால்சியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த ஓயாத வேலைகளின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது தைராய்டு ஹார்மோன். அந்த வேலைகளின் கழிவுதான் நம் சூடு. பெரியவர்களின் பழுப்புக் கொழுப்பு நாளுக்குக் கொடுப்பது சில பத்து கிலோ கலோரி. ஆகவே பையன் சொன்ன பொருள் உண்மை, கணக்கு உதைக்கிறது.

கொடை ஃபிட் | டிசம்பர் 12, காலை 8:05

சார், சில பத்து கலோரிக்கா உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது?

இறக்கம் டிரைவர் | டிசம்பர் 12, மதியம் 1:30

நான் மேட்டுப்பாளையம், ஊட்டி லைனில் வண்டி ஓட்டுகிறேன். அக்காவுக்குக் குளிர்கிறது, என் வீட்டில் நேரெதிர். என் சம்சாரம் இந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். போர்வை வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம், வியர்வை. அப்போ அவளுக்குப் பழுப்புக் கொழுப்பு ஜாஸ்தியா? அதை ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியுமா?

குன்னூர் லேப் | டிசம்பர் 12, மாலை 4:10

அண்ணா, கொழுப்பு எல்லாம் அப்புறம். அண்ணிக்குத் தைராய்டு பார்த்தீர்களா? எடை இறங்குகிறதா, கை நடுங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா? உடனே டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 கொடுத்துப் பாருங்கள்.

கோத்தகிரி அக்கா, உங்களுக்கு ஒரு கேள்வி. ஹீமோகுளோபின் எவ்வளவு? எங்கள் லேபில் "குளிர் தாங்கவில்லை" என்று தைராய்டு பார்க்க வருகிற பெண்களில் பலருக்குத் தைராய்டு சரியாக இருக்கும், ஹீமோகுளோபின்தான் 8, 9 என்று இருக்கும். ரத்தசோகையும் கையைச் சில்லிட வைக்கும்.

கோத்தகிரிக்காரி | டிசம்பர் 12, இரவு 8:55

ஹீமோகுளோபின் 9.2. அதற்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே போட்டுவிடுகிறேன், மறக்காமல் இருக்கும் என்று. கூடவே காபி.

குன்னூர் லேப் | டிசம்பர் 12, இரவு 9:03

அதை நாளைக்கே மாற்றுங்கள் அக்கா. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்கப்புறம் அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும், கால்சியத்துக்கும் அதேதான். குடலில் இரும்பு அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்கு விடாது. 75 சாப்பிடுகிறீர்கள், உள்ளே போவது அதில் எவ்வளவோ.

கோத்தகிரிக்காரி | டிசம்பர் 12, இரவு 9:20

இதை ஏன் எனக்கு யாருமே சொல்லவில்லை? மருந்துக் கடையில் கவர்மேல் "காலை 1" என்று இரண்டிலும் எழுதித்தானே கொடுத்தார்கள்.

பழைய வாத்தியார் | டிசம்பர் 13, காலை 7:15

கொடைத் தம்பிக்கு. சில பத்து கலோரி என்பது சராசரி இருப்பு. திடீரென்று குளிர்ந்தால் நடுக்கம் இல்லாமலே சூடு கூட்டும் திறமை அதில் இருக்கிறது, ஆராய்ச்சிக்காரர்களின் ஆசை அதன்மேல். எலிக்கும் பிறந்த குழந்தைக்கும் அது உயிர்ப் பிரச்சினை. கைக்குழந்தைக்கு நடுங்கத் தெரியாது, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்புதான் காப்பாற்றுகிறது.

அது எப்படிச் சூடாக்குகிறது என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பைக்காராவில் மேலே தேக்கிய தண்ணீர் குழாயில் இறங்கி டர்பைனைச் சுற்றினால் மின்சாரம். மற்ற செல்களில் மைட்டோகாண்ட்ரியா செய்வது அதுதான்: புரோட்டானைத் தேக்கி, இறக்கி, செல்லின் மின்சாரமான ஏ.டி.பி. தயாரிக்கிறது. பழுப்புக் கொழுப்பில் மட்டும் யுசிபி1 என்ற புரதம் ஒரு மதகைத் திறந்துவிடுகிறது. தண்ணீர் டர்பைன் பக்கம் போகாமல் சும்மா விழுகிறது. மின்சாரம் இல்லை, முழுக்கச் சூடு.

மதகைத் திறக்கச் சொல்வது தைராய்டு அல்ல. தம்பி சொன்ன "ஆன் பண்ணுகிற" வேலை நரம்புடையது. குளிர் பட்டதும் பரிவு நரம்பு நார்அட்ரினலினை விடுகிறது. அது கொழுப்பை உடைத்து எரிபொருள் தருகிறது, அந்தக் கொழுப்பு அமிலங்களே மதகையும் திறக்கின்றன. தைராய்டின் வேலை வேறு: திறப்பதற்கு மதகு என்று ஒன்று கட்டி வைத்திருக்க வேண்டும் அல்லவா, அது.

இன்னும் ருசியான விஷயம் இருக்கிறது. இப்போது தோட்டத்துக்கு ஆள் வந்துவிட்டான், சாயங்காலம் எழுதுகிறேன்.

சுக்குமிளகு | டிசம்பர் 13, காலை 10:00

இதற்கு ஏன் பைக்காரா, டர்பைன்? சுக்கு, மிளகு, திப்பிலி, காலை மாலை. தைராய்டாவது ஒன்றாவது.

கோத்தகிரிக்காரி | டிசம்பர் 13, காலை 10:12

சுக்குக் காபியும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். டி.எஸ்.எச். 46-ஐ அது கண்டுகொள்ளவில்லை.

பழைய வாத்தியார் | டிசம்பர் 13, மாலை 6:30

தொடர்ச்சி. தைராய்டு சுரப்பி பெரும்பாலும் வெளியே விடுவது டி4. செல்லுக்குள் நிஜமாக வேலை செய்வது டி3. நான்கு அயோடினில் ஒன்றைக் கத்தரித்தால் டி4 டி3 ஆகும். பழுப்புக் கொழுப்பு இந்தக் கத்தரிப்பைத் தன் உள்ளேயே செய்துகொள்கிறது. 1983-ல் சில்வா, லார்சன் என்ற இருவர் எலிகளில் கண்டது இது: குளிர் பட்டு நார்அட்ரினலின் வந்ததும் கத்தரிக்கும் நொதியின் அளவு கிடுகிடுவென்று ஏறுகிறது. அதாவது எரிக்கச் சொல்லும் நரம்பே அந்த இடத்தில் டி3-யையும் பெருக்குகிறது. அந்த டி3 உட்கருவுக்குப் போய் யுசிபி1-ஐ அதிகம் தயாரிக்க வைக்கிறது. ரத்தத்தில் டி3 அதிகம் ஏறாமலே அந்தக் கொழுப்புக்குள் நன்றாக ஏறிவிடும்.

இப்போது தைராய்டு குறைந்த எலியை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு முன்னைவிடப் பலமாகத்தான் கூப்பிடுகிறது. நொதியும் தயார். கத்தரிக்க டி4 இல்லை. குளிர் அறையில் விட்டால் எலியின் சூடு இறங்கிக்கொண்டே போகும். டி4 கொடுத்தால் சமாளிக்கும். டி4 கொடுத்துக்கொண்டே அந்த நொதியை மருந்தால் தடுத்தால் யுசிபி1 ஏறாது. வழக்கமான அளவில் டி3-ஐ வெளியிலிருந்து கொடுத்தாலும் டி4 அளவுக்குப் பலன் இல்லை. கொடைத் தம்பி, டி4-ஐ மெதுவான சரக்கு என்றீர்களே, இந்தத் திசு கேட்பது அந்தச் சரக்கைத்தான்.

கொடை ஃபிட் | டிசம்பர் 13, இரவு 7:45

எலிக்குச் சரி. மனுஷனுக்கு?

பழைய வாத்தியார் | டிசம்பர் 13, இரவு 8:20

நியாயமான கேள்வி. மனிதரில் நொதியும் உண்டு, யுசிபி1-உம் உண்டு. ஆனால் எலி அளவுக்கு அது தூக்கிச் சுமப்பதில்லை. நீங்கள் சொன்ன 2009 ஆய்வுகளில் ஒன்று, குளிரூட்டாமல் சாதாரணமாக எடுத்த ஸ்கேன்களைப் பார்த்தது. பெண்களில் 7.5 சதவீதம், ஆண்களில் 3.1 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்தது. இன்னொன்றில் இளைஞர்களை லேசாகக் குளிர வைத்து எடுத்தார்கள், 24 பேரில் 23 பேருக்குத் தெரிந்தது. பொருள் இருக்கிறது, கூப்பிட்டால் எழுகிறது. எழுந்து எவ்வளவு சூடு தருகிறது என்பதில்தான் இன்னும் சண்டை.

இறக்கம் டிரைவர் | டிசம்பர் 20, இரவு 10:05

லேப் தம்பி சொன்னபடி பார்த்தோம். டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே, ஃப்ரீ டி4 4.8. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்றார்கள். கார்பிமசோல் 30 மில்லிகிராம், கூட ப்ரோப்ரனோலால். நாலு மாசத்தில் 6 கிலோ இறங்கியிருக்கிறாள், அது டென்ஷனால் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

ஒரு சந்தேகம் சார். ஊட்டியில் மச்சான் வீட்டில் இருந்தபோது வியர்வை கம்மி. உறைபனி விழுந்த காலையில் நைட்டியோடு வாசலில் கோலம் போட்டாள். அதே அன்றைக்கு மத்தியானம் மேட்டுப்பாளையம் இறங்கினோம், பர்லியார் தாண்டியதும் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. ஒரே நோய், ஒரே நாள். ஏன் இப்படி?

கொடை ஃபிட் | டிசம்பர் 20, இரவு 10:30

தைராய்டு கூடினால் அட்ரினலின் கூடும். அட்ரினலின் கூடினால் வியர்க்கும். அதனால்தான் ப்ரோப்ரனோலால் கொடுக்கிறார்கள்.

பழைய வாத்தியார் | டிசம்பர் 21, காலை 7:00

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நடுக்கம், படபடப்பு, முழித்த கண், எல்லாம் அட்ரினலின் ஏறிய ஆள் போலவே இருக்கும். அளந்து பார்த்தால் ரத்தத்தில் அது கூடியிருக்காது, சிலரிடம் குறைவாகக்கூட இருக்கும். திசுக்கள் அதை உணரும் விதம்தான் கூர்மையாகிவிடுகிறது. ப்ரோப்ரனோலால் படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கும், ஹார்மோனைச் சுரப்பி விடுவதை நிறுத்தாது. அந்த வேலை கார்பிமசோலுடையது. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பும் பரிவு நரம்புதான், ஆனால் அதன் நுனியில் வருவது அசிட்டைல்கோலின், அட்ரினலின் அல்ல.

பொது வியர்வைக்கு முக்கியக் காரணம் எளிது. கூடுதல் சூட்டை வெளியே கொட்ட வேண்டும். 50 கிலோ பெண்ணுக்கு ஓய்விலேயே சுமார் 1150 கிலோ கலோரி. நோய் கடுமையாக இருந்து 40 சதவீதம் கூடினால் நாளுக்கு 460 அதிகம். அதைக் கொட்ட முதல் வழி தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பது. அதனால்தான் இவர்களின் கை வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கும். ஊட்டியில் காற்று 10 டிகிரி, தோல் 33. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் விரிந்த தோலிலிருந்து சூடு தானாகவே காற்றுக்குப் போய்விடும், வியர்வை அதிகம் தேவையில்லை. கீழே வெயிலில் காற்றின் சூடு தோலின் சூட்டை நெருங்கிவிடுகிறது. அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது, மிச்சம் இருப்பது ஆவியாக்குவதுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 0.58 கிலோ கலோரி போகும். 460-ஐயும் வியர்வையாலேயே போக்க வேண்டுமென்றால் 800 மில்லி, அதுவும் சொட்டாமல் முழுக்க ஆவியானால். உங்கள் மனைவி கோலம் போட்டதும் நனைந்ததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

குன்னூர் லேப் | டிசம்பர் 21, காலை 9:40

அண்ணா, மறக்கக்கூடாத ஒன்று. கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு அந்த அணுக்கள் அடியோடு இறங்கிவிடும். மலையில் இந்தச் சீசனில் எல்லோருக்கும் தொண்டை கரகரக்கும், "பனிதானே" என்று விட்டுவிடுவார்கள். அண்ணிக்கு ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனோலால் பற்றியும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கொடை ஃபிட் | டிசம்பர் 21, காலை 11:15

ஆக, ஹைப்பர் தைராய்டில் பழுப்புக் கொழுப்பு முழு வேகத்தில் எரிகிறது, சரிதானே? இதையாவது ஒத்துக்கொள்ளுங்கள் சார்.

பழைய வாத்தியார் | டிசம்பர் 21, மாலை 5:50

பாதி. மனிதரில் எடுத்த ஸ்கேன்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு குழு, நோயாளிகளின் பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை அதிகம் இழுக்கிறது என்றது. இன்னொரு குழு, தசைதான் இழுக்கிறது, பழுப்புக் கொழுப்பு சும்மா இருக்கிறது என்றது. யுசிபி1 அடியோடு இல்லாமல் வளர்த்த எலிகளுக்கும் தைராய்டு ஹார்மோனை ஏற்றினால் உடம்புச் சூடு ஏறத்தான் செய்கிறது. அப்படியானால் அந்தச் சூடு மதகு வழியாக வந்ததில்லை. மூளையிலேயே "இவ்வளவு சூடு வேண்டும்" என்ற அளவுகோல் மேலே நகர்ந்துவிடுகிறது என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் அரை மனசு: அளவுகோல் ஏறினால் காய்ச்சல்காரர் போலப் போர்த்திக்கொள்ளத் தோன்ற வேண்டும், ஜன்னலைத் திறக்கத் தோன்றக்கூடாது. எலியில் சரியாக இருக்கலாம். நம் டிரைவர் வீட்டு ஜன்னலுக்கு அது பொருந்தவில்லை.

மன்னவனூர் | ஜனவரி 3, காலை 5:35

அவசரம். பாட்டிக்கு 78 வயது. தைராய்டு மாத்திரை சாப்பிட்டவர், தீர்ந்துபோய் இரண்டு மாசமாக வாங்கவில்லையாம். நேற்றிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறார், கூப்பிட்டால் குழறுகிறார். உடம்பு சில்லிட்டிருக்கிறது, ஆனால் நடுக்கம் இல்லை. பழைய பாதரச தெர்மாமீட்டர் 95-லேயே நிற்கிறது. கட்டிலுக்கடியில் கரிக்கணப்பு வைத்திருக்கிறோம். வெந்நீர்ப் பையும் வைக்கலாமா?

பழைய வாத்தியார் | ஜனவரி 3, காலை 5:41

உடனே 108-க்குப் போன் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "தைராய்டு மாத்திரை நின்று இரண்டு மாதம்" என்பதை உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். கணப்பை வெளியே எடுங்கள், ஜன்னலைத் திறங்கள். மூடிய அறையில் கரிப்புகையே ஆளை மயக்கிவிடும். வெந்நீர்ப் பை வேண்டாம், தோலின் ரத்தக்குழாய் திடீரென்று விரிந்தால் ரத்த அழுத்தம் சரியும். கம்பளியால் தலை, உடம்பு எல்லாம் சுற்றுங்கள், அது போதும். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

அந்த தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். அது காய்ச்சல் பார்க்கச் செய்தது, அதன் கோடே 94, 95-இல்தான் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருந்தாலும் அதற்குத் தெரியாது.

மன்னவனூர் | ஜனவரி 4, இரவு 9:10

ஆஸ்பத்திரியில் அளந்தபோது 32 டிகிரி செல்சியஸ். ஐ.சி.யூ.வில் இருக்கிறார். ஊசி வழியாக ஹார்மோன் கொடுக்க வழியில்லை என்று மூக்குக் குழாயில் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கிறார்கள், கூட ஸ்டீராய்டு. நெஞ்சில் சளிக்கட்டும் இருக்கிறதாம், அதுதான் தள்ளிவிட்டது என்கிறார்கள். இன்றைக்குக் கண் திறந்து அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

கோத்தகிரிக்காரி | ஜனவரி 4, இரவு 9:30

நல்லபடியாக வரட்டும். இங்கே கணப்பைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டேன்.

சார், என்னுடைய 97.6 இப்படி இறங்கிவிடுமா?

பழைய வாத்தியார் | ஜனவரி 5, காலை 7:05

மாத்திரையை நிறுத்தாத வரை பயம் வேண்டாம். உங்கள் உடம்பு செலவைக் குறைத்து ஈடுகட்டுகிறது. பாட்டிக்கு அந்த ஈடுகட்டலும் தீர்ந்துபோய், நெஞ்சுச் சளியும் சேர்ந்து, நடுங்கக்கூடத் தெம்பில்லாமல் போனது. தைராய்டு குறைந்த வயதானவர் மார்கழியில் "நன்றாகத் தூங்குகிறார்" என்றால் எழுப்பிப் பாருங்கள்.

கோத்தகிரிக்காரி | ஜனவரி 29, மாலை 7:40

இரும்பு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றி, காபியைத் தள்ளிப்போட்டு ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 8.4, ஃப்ரீ டி4 1.1. டோஸை 88 ஆக்கியிருக்கிறார்கள்.

குளிர் எப்படி என்றால், இரண்டு சாக்ஸ் ஒன்றாகிவிட்டது. விரல் வளைகிறது, பட்டன்காஜா மறுபடி நானே எடுக்கிறேன். ஆனால் ரிப்போர்ட் எவ்வளவு தேறியதோ அவ்வளவு நான் தேறவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இன்னமும் உள்ளங்கால் சில்லிடுகிறது. ஏன் இந்த இழுபறி?

குன்னூர் லேப் | ஜனவரி 29, இரவு 8:15

டி4 மாத்திரையின் பாதி ரத்தத்திலிருந்து போகவே ஒரு வாரம் ஆகும் அக்கா. அதனால் அளவு நிலைக்க ஐந்தாறு வாரம். அதற்கு முன்னால் ரத்தம் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். உங்களுக்கு ஹீமோகுளோபின் இப்போது எவ்வளவு?

கோத்தகிரிக்காரி | ஜனவரி 29, இரவு 8:20

10.4.

பழைய வாத்தியார் | ஜனவரி 30, காலை 6:55

ரத்தத்தில் அளவு ஏறியதும் சூடு ஏறிவிடாது. டி3 வேலை செய்வது மரபணுக்களைத் தூண்டிப் புரதம் கட்டி. கட்டிய புரதம் சேர்ந்து, தசை வேகம் பிடித்து, ரத்தக்குழாய்கள் நம்பி விரிய நாளாகும். உங்களுக்கு ரத்தசோகையும் பாக்கி இருக்கிறது. இரண்டும் சரியான பிறகும் சிலருக்கு டி.எஸ்.எச். நார்மலாக இருந்தும் குளிர் கொஞ்சம் மிஞ்சுகிறது. கத்தரிக்கும் நொதி ஒவ்வொருவருக்கும் ஒரே திறமையில் இல்லை என்று ஒரு கட்சி, அதெல்லாம் நிரூபணமாகவில்லை என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன், இப்போது நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

கொடை ஃபிட் | ஜனவரி 30, காலை 8:00

நொதி என்றால் அப்போ டி3 மாத்திரை...

பழைய வாத்தியார் | ஜனவரி 30, காலை 8:04

அதைச் சிறப்பு மருத்துவர் பார்த்து, இதயத்தையும் பார்த்து, சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பது உண்டு. கழுத்தடியைச் சூடாக்க நாமே வாங்கி விழுங்குவது இல்லை. டி3 சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கும். ஏறும் நேரத்தில் நெஞ்சு படபடக்கும், டிரைவர் வீட்டு அம்மாவைக் கேளுங்கள்.

இறக்கம் டிரைவர் | மார்ச் 9, இரவு 9:50

அந்த அம்மாவே இப்போது புதுக் கதை சொல்கிறாள் சார். வியர்வை நின்றது, எடை ஏறியது, சந்தோஷமாக இருந்தோம். இரண்டு வாரமாகப் போர்வைக்குள் இருக்கிறாள், மேட்டுப்பாளையத்தில், மார்ச் மாசத்தில்! கை கால் சில்லிப்பு, மலச்சிக்கல், முகம் உப்பியிருக்கிறது. டி.எஸ்.எச். மட்டும் பார்த்தோம், 0.02. இன்னும் ஹைப்பர்தான் என்று பக்கத்து கிளினிக்கில் மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார்கள்.

குன்னூர் லேப் | மார்ச் 9, இரவு 10:02

அண்ணா, ஃப்ரீ டி4 இல்லாமல் அந்த 0.02-ஐ நம்ப முடியாது. நாளைக்கே எடுங்கள், டி3-யும் சேர்த்து.

பழைய வாத்தியார் | மார்ச் 10, காலை 6:45

லேப் தம்பி சொல்வதுதான். டி.எஸ்.எச். என்பது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி தைராய்டைத் தட்டி எழுப்ப அனுப்பும் ஹார்மோன். மாதக்கணக்காக டி4 கொட்டிக் கிடந்ததில் பிட்யூட்டரி அதைச் சுரப்பதையே நிறுத்தியிருக்கும். டி4 இறங்கிய பிறகும் பிட்யூட்டரி விழித்துக்கொள்ள வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அந்த இடைவெளியில் டி.எஸ்.எச். ஹைப்பர் என்று சொல்லும், உடம்பு ஹைப்போ என்று சொல்லும். மார்ச் மாத மேட்டுப்பாளையத்தில் போர்வை என்றால் நான் உடம்பு சொல்வதை நம்புவேன். முதலில் மாத்திரை எழுதிய டாக்டரிடமே போங்கள்.

இறக்கம் டிரைவர் | மார்ச் 12, மதியம் 2:20

ஃப்ரீ டி4 0.6. கார்பிமசோலை 30-லிருந்து 10 ஆக்கிவிட்டார், நாலு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம், மூன்று டெஸ்டும் சேர்த்து. ப்ரோப்ரனோலாலை நிறுத்தியாயிற்று.

கொடை ஃபிட் | மார்ச் 12, மாலை 6:10

எல்லாம் சரி சார். பச்சைத் தண்ணீர்க் குளியல் பற்றிய என் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு மாசமாகக் கொடைக்கானல் தண்ணீரில் குளிக்கிறேன். எடை அரை கிலோகூட இறங்கவில்லை.

கோத்தகிரிக்காரி | மார்ச் 12, மாலை 6:25

குளித்துவிட்டு என்ன சாப்பிடுகிறீர்கள்?

கொடை ஃபிட் | மார்ச் 12, மாலை 6:31

நடுங்கிக்கொண்டே வருவதால் பசிக்கும். நாலு பரோட்டா.